38 பேரில் 15 பேர்: ஒரு டியூஷன் சென்டரின் முடிவுப் பலகையை எழுதிய அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்குப் பாடம் மட்டும் டியூஷன் எடுத்து வருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படிப்பவர்கள். கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் சிலரும் வருவதுண்டு. மே மாதம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் சித்தூர் சாலையிலும் வேலந்தாவளம் சாலையிலும் டியூஷன் சென்டர்களின் பலகைகள் வரிசையாக எழும்பிவிடும். ஜூன் மாதச் சேர்க்கை முழுவதும் அந்தப் பலகைகளை நம்பித்தான் நடக்கிறது. எங்கள் பலகையில் எந்த எண்ணைப் போடுவது, எந்தப் பிள்ளையின் பெயரை எந்த வாசகத்தோடு போடுவது என்பதைச் சென்ற முறை எப்படி முடிவு செய்தேன் என்று விரிவாக எழுதுகிறேன். சிறிய அளவில் டியூஷன் நடத்தும் மற்றவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முடிவு வந்த மறுநாளே பலகை அச்சிடும் தம்பி அழைத்தார். “டீச்சர், நூறு சதவீதம் வெற்றின்னு மேல பெரிசா போட்டுரலாங்களா? கீழ ஏழு ஃபுல் ஏ பிளஸ், போட்டோவோட. மத்த சென்டருக்கெல்லாம் இப்படித்தானுங்க போட்டுக் குடுக்கறேன்” என்றார். அவர் சொன்ன இரண்டுமே பொய் இல்லை. எங்களிடமிருந்து தேர்வு எழுதிய அனைவரும் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். அவர்களில் ஏழு பேர் எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் வாங்கியிருந்தார்கள். ஆயினும் இரண்டையும் வேண்டாம் என்று சொன்னேன். உண்மையான எண்ணைக் கொண்டே ஒரு பெற்றோரைத் தவறான முடிவுக்கு அழைத்துச் செல்ல முடியும் என்பதற்கு இந்த இரண்டு வாசகங்களைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்காது என்பதே காரணம்.

முதலில் நூறு சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி விகிதம் 2024-இல் 99.69 சதவீதம், 2025-இல் 99.5 சதவீதம். இருநூறு பேர் எழுதினால் அதிகம் போனால் ஒருவர்தான் தவறுகிறார் என்ற நிலையில், நாற்பது பேர் படிக்கும் ஒரு சென்டரில் அனைவரும் தேர்ச்சி பெறுவது வழக்கமாக நடப்பதுதான். யாரும் கற்பிக்காமல் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே முடிவு வந்திருக்கும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பெற்றோருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. தேர்ச்சி விகிதம் அவ்வளவு உயராத ஒரு பாடத்திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் பலகையைப் படிக்கும்போது, நூறு சதவீதம் என்பது ஆசிரியரின் திறமையாகவே தெரியும். மாநிலமே 99-ஐத் தாண்டியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் போடாத நூறு சதவீதம், படிப்பவரின் அறியாமையை வைத்துத்தான் வேலை செய்கிறது.

ஃபுல் ஏ பிளஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழி இரண்டு தாள்கள், ஆங்கிலம், இந்தி, சமூக அறிவியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு, ஐ.டி. எனப் பத்துப் பாடங்கள். பத்திலும் 90 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால்தான் ஃபுல் ஏ பிளஸ். இந்தப் பத்தில் நான் கற்பிப்பது ஒன்றே ஒன்று. மீதி ஒன்பதையும் பள்ளி ஆசிரியர்களும், சில வீடுகளில் வேறு டியூஷன் ஆசிரியர்களும் கற்பித்தார்கள். கணக்கிலேயே கூட 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 80-க்குத்தான். மீதி 20 பள்ளியில் ஆண்டு முழுவதும் நடக்கும் தொடர் மதிப்பீட்டில் கிடைப்பது. ஆகவே என் பலகையில் நான் உரிமை கொண்டாடத் தக்கது கணக்குப் பாடத்தின் கிரேடு மட்டுமே. ஒரு பிள்ளையின் ஃபுல் ஏ பிளஸைப் போட்டு மேலே என் சென்டரின் பெயரை எழுதினால், அந்தப் பத்துப் பாடங்களும் இங்கேதான் படிக்கப்பட்டன என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே அது போடப்படுகிறது.

அடுத்தது, எத்தனை பேரில் என்ற கேள்வி. பலகைகளில் மேல் எண் மட்டும் இருக்கும். கீழ் எண் இருக்கவே இருக்காது. கீழ் எண்ணைப் போடலாம் என்று முடிவு செய்தபோதுதான், அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்க முடியும் என்பது தெளிவாகத் தெரிந்தது. எங்கள் வருகைப் பதிவேட்டை வைத்தே காட்டுகிறேன். ஜூனில் பத்தாம் வகுப்புக்குச் சேர்ந்தவர்கள் 41 பேர். அவர்களில் மூன்று பேரின் குடும்பம் ஆகஸ்டில் பொள்ளாச்சிப் பக்கம் குடிபெயர்ந்ததால், பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு மூன்று பேர் கிறிஸ்துமஸ் தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் வேறு இடத்துக்கு மாறினார்கள். மீதி 35 பேர் கடைசி வரை இருந்தார்கள். ஜனவரியில் ரிவிஷனுக்கென்று நான்கு பேர் புதிதாக வந்தார்கள். மார்ச் மாதத்தில் தேர்வு எழுதியபோது எங்கள் வகுப்பில் இருந்தவர்கள் 39 பேர். அவர்களில் கணக்கில் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 17 பேர்: தொடக்கம் முதல் இருந்தவர்களில் 15, ஜனவரியில் வந்தவர்களில் 2.

இந்த ஒரே பதிவேட்டிலிருந்து மூன்று விதமான வாசகங்களை எழுதலாம். “39 பேரில் 17 ஏ பிளஸ்” என்பது ஒன்று. “35 பேரில் 15” என்பது இன்னொன்று. எண்ணிக்கையே சொல்லாமல் “17 ஏ பிளஸ்” என்பது மூன்றாவது. முதல் வாசகத்தில் உள்ள குறை, இரண்டே மாதம் வந்துபோனவர்களின் கிரேடும் எங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது என்பது. அந்த நான்கு பேரில் ஏ பிளஸ் வாங்கிய இருவரும் ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள். மாதிரி வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வந்தவர்கள். பல ஊர்களில் ஜனவரி, பிப்ரவரியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இலவச ரிவிஷன் வகுப்பு நடத்துவதன் நோக்கமே மே மாதப் பலகைக்கு முகங்களைச் சேர்ப்பதுதான். பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வாசகம் நேர்மையாகத் தெரிந்தாலும் அதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. டிசம்பரில் போனவர்கள் ஆறு மாதம் எங்களிடம் படித்தவர்கள். எங்கள் வகுப்பு அவர்களுக்கு ஒத்துவராததால்தான் போனார்கள். படிக்க முடியாதவர்கள் விலக விலக, மீதி இருப்பவர்களின் விகிதம் தானாகவே உயரும். சில இடங்களில் கிறிஸ்துமஸ் தேர்வில் தேறாத பிள்ளைகளின் வீட்டுக்கு ஆசிரியரே போன் செய்து, “இவனுக்கு இங்க சரிப்படாதுங்க, வேற பாத்துக்குங்க” என்று சொல்வதும் நடக்கிறது. மார்ச்சில் மிஞ்சுகிறவர்களை மட்டும் எண்ணினால் அது முழுவதும் மறைந்துவிடும்.

அதனால் ஒரு விதியை வைத்துக்கொண்டேன். ஜூன் முதல் நவம்பர் வரை எங்களிடம் படித்தவர் எங்கே தேர்வு எழுதினாலும் எங்கள் எண்ணிக்கையில் இருப்பார். அதற்குப் பிறகு வந்தவர் எவ்வளவு நல்ல கிரேடு வாங்கினாலும் இருக்க மாட்டார். பாடத்திட்டம் மாறிப்போன மூவரையும் வேறு தேர்வு எழுதுபவர்கள் என்பதால் விட்டுவிட்டேன். டிசம்பரில் போன மூவரின் வீட்டுக்கும் போன் செய்து கணக்கில் என்ன கிரேடு என்று கேட்டேன். ஒருவர் ஏ, இருவர் பி. இப்போது கீழ் எண் 38 ஆனது. அதில் ஏ பிளஸ் 15, ஏ 10, அதற்குக் கீழே 13. நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர் ஏ பிளஸ் என்று வருகிறது. 39-இல் 17 என்று போட்டிருந்தால் நாற்பத்து நான்கு ஆகியிருக்கும். வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் இந்த விதியை முடிவு வருவதற்கு முன்பே, ஜூனிலேயே, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு விதியை வகுத்தால், எது அழகாகத் தெரிகிறதோ அதுதான் விதியாகும். யாரும் பொய் சொல்ல நினைத்திருக்க வேண்டியதுகூட இல்லை.

13 பேர் என்பதையும் பலகையில் போட்டேன். இதைக் கண்டு சக ஆசிரியர்கள் பலர் முகம் சுளித்தார்கள். என் எண்ணம் வேறு. ஏ பிளஸ் வாங்கும் பிள்ளையின் பெற்றோர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அந்தப் பிள்ளை எங்கும் வாங்கிவிடும். டியூஷன் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் ஒன்பதாம் வகுப்பில் சி வாங்கிய பிள்ளையின் அம்மாதான். தன் பிள்ளையைப் போன்றவர்களுக்கு அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. அதற்காக இன்னொரு வரியையும் சேர்த்தேன்: ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் சி பிளஸ் அல்லது அதற்குக் கீழே வாங்கிச் சேர்ந்தவர்கள் 12 பேர், அவர்களில் 8 பேர் பத்தாம் வகுப்பில் பி அல்லது அதற்கு மேல். சேர்க்கைப் படிவத்தில் ஒன்பதாம் வகுப்புக் கிரேடை எழுதி வாங்கியிருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. சேர்க்கைக்கு முன்பே நுழைவுத் தேர்வு வைத்து நல்ல பிள்ளைகளை மட்டும் எடுக்கும் சென்டராக இருந்தால், அதைப் பலகையிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வடிகட்டியதன் பலனைக் கற்பித்ததன் பலனாக விற்பதாகிவிடும்.

ரேங்க் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதிப் பலகைகளில் “மாவட்ட முதலிடம்”, “தாலுக்காவில் இரண்டாமிடம்” என்ற வாசகங்கள் இன்னும் தென்படுகின்றன. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு 2005 முதல் கிரேடு முறை இருக்கிறது. ரேங்க் பட்டியல் கிடையாது. தமிழ்நாட்டிலும் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் 2017 முதல் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்படியிருக்க, மாவட்ட முதலிடம் என்பதை யார் அறிவித்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. தங்களுக்குத் தெரிந்த சில பள்ளிகளின் மதிப்பெண்ணை ஒப்பிட்டுத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. பள்ளியில் முதலிடம் என்பதைப் பள்ளி சொன்னால் போடலாம். அப்போதும் எந்தப் பள்ளி, எத்தனை பேரில் என்று சேர்த்துப் போட வேண்டும். எல்லைப் பகுதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளையின் 500-க்கு 478-ஐயும் கேரளப் பிள்ளையின் ஒன்பது ஏ பிளஸையும் ஒரே வரிசையில் வைத்து “எங்கள் முதல் பத்து” என்று போடுவது ஒப்பிடவே முடியாத இரண்டை ஒப்பிடுவதாகும். நான் இரண்டையும் தனித்தனிக் கட்டமாகப் பிரித்துவிட்டேன். ஏ பிளஸ் என்றால் 90 முதல் 100 வரை, ஏ என்றால் 80 முதல் 89 வரை என்ற விளக்கத்தையும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்காகக் கட்டத்துக்குள்ளேயே எழுதினேன்.

நுழைவுத் தேர்வுகளில் ரேங்க் உண்மையாகவே இருக்கிறது. குழப்பமும் அங்கேதான் அதிகம். என்னிடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டும் கணக்குப் படித்த ஒரு மாணவர் ஜே.இ.இ. மெயினில் 94 பெர்சென்டைல் வாங்கினார். அச்சிடும் தம்பி அதை “94%” என்று வடிவமைத்து அனுப்பிவிட்டார். பெர்சென்டைல் என்பது வாங்கிய மதிப்பெண்ணின் சதவீதம் இல்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு 94 பேர் அவருக்குச் சமமாகவோ அவருக்குக் கீழோ இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். சுமார் 14 லட்சம் பேர் எழுதும் தேர்வில் மேலே இருக்கும் ஆறு சதவீதம் என்பது எண்பத்து நாலாயிரம் பேர். அதாவது அவருடைய இடம் எண்பதாயிரத்துச் சொச்சத்தில் இருக்கும். நல்ல முயற்சிதான், ஆனால் 94% என்று படிக்கும் ஒரு தந்தை, அந்தப் பையனுக்கு ஐ.ஐ.டி. கிடைத்திருக்கும் என்றே நினைப்பார். பெர்சென்டைல் போட்டால் அதன் அருகில் பொதுத் தரவரிசை எண்ணையும் போட்டுவிடுவது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். மதிப்பெண் அட்டையில் பொதுத் தரவரிசையும் இடஒதுக்கீட்டுப் பிரிவுத் தரவரிசையும் தனித்தனியாக இருக்கும். பிரிவுத் தரவரிசை பொதுத் தரவரிசையைவிடச் சிறிய எண்ணாக இருப்பதால், அதை எடுத்து “அகில இந்திய ரேங்க்” என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பிரிவு என்று எழுதாத ரேங்க், ரேங்கே இல்லை. பிள்ளையின் சமூகப் பிரிவைப் பொது இடத்தில் எழுத அந்தக் குடும்பம் விரும்பாவிட்டால், பொதுத் தரவரிசையை மட்டும் போடுவதே வழி.

அதே மாணவர் ஜே.இ.இ.க்கென்று ஒரு பெரிய நிறுவனத்தின் ஆன்லைன் வகுப்பிலும் பணம் கட்டிப் படித்திருந்தார். அவர்களும் அவர் படத்தை எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்துக்கொண்டால் ஒரு முகம் இரண்டு இடத்துக்குச் சாட்சி சொல்லும். குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையங்களில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. 2022-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் மொத்தமே 933 பேர். ஆனால் மையங்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கானவர்களைத் தம் மாணவர்கள் என்று விளம்பரம் செய்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் பலர் முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் தாமாகவே முடித்துவிட்டு, நேர்முகத் தேர்வுக்கான இலவசப் பயிற்சிக்கு மட்டும் அங்கே போனவர்கள் என்று தெரியவந்தது. பல மையங்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதன் பிறகு 2024 நவம்பரில் பயிற்சித் துறை விளம்பரங்களுக்கென்றே ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வெற்றி பெற்றவரின் படத்தைப் போட்டால், அவர் பெயர், ரேங்க் இவற்றோடு அவர் அங்கே படித்த வகுப்பு, அதன் கால அளவு, அது கட்டணம் கட்டிப் படித்ததா என்பதையும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வாசகம் இருந்தால் அதுவும் விளம்பர வாசகத்தின் அதே எழுத்து அளவில் இருக்க வேண்டும். தேர்ச்சிக்கு உத்தரவாதம் தரக் கூடாது என்பவை அதில் முக்கியமானவை.

அந்த நெறிமுறைகள் பயிற்சி மையம் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடத்தைத்தான் குறிப்பிடுகின்றன. பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் சேர்த்தால் எங்கள் சென்டர் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. வீட்டுத் திண்ணையில் இருபது பேருக்குச் சொல்லித்தருகிறவர் அதற்குள் வரமாட்டார். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. அதில் இத்தனை மாணவர் என்ற கணக்குக் கிடையாது. ஆகவே அந்த மாணவரின் படத்துக்குக் கீழே நாங்கள் எழுதியது இது: “பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்கு, 2 ஆண்டுகள், கட்டண வகுப்பு. ஜே.இ.இ. பயிற்சி வேறு நிறுவனத்தில்.” எழுத்து அளவு அவர் பெயருக்கு எவ்வளவோ அவ்வளவு. அச்சிடும் தம்பி கடைசி வரியை நட்சத்திரக் குறி போட்டு அடியில் சின்னதாக வைத்திருந்தார். அதை மேலே ஏற்றச் சொன்னேன்.

படத்துக்கு அனுமதி வாங்குவதில் ஒரு நடைமுறையைப் பின்பற்றுகிறேன். பல சென்டர்களில் ஜூன் மாதச் சேர்க்கைப் படிவத்திலேயே “மாணவரின் படத்தையும் மதிப்பெண்ணையும் விளம்பரத்தில் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்” என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். பெற்றோர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். மத்திய ஆணையத்தின் நெறிமுறை, வெற்றி பெற்ற பிறகுதான் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. அது சரியான ஏற்பாடு என்றே கருதுகிறேன். சேரும்போது மறுத்தால் இடம் கிடைக்காதோ என்ற அச்சம் பெற்றோருக்கு இருக்கும். முடிவு வந்த பிறகு அந்த அச்சம் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். பிள்ளையையும் தனியாகக் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறேன். என் படிவம் அரைப் பக்கம்தான்: எந்தப் படம், எந்த வாசகம், சாலைப் பலகையிலா, துண்டுப் பிரசுரத்திலா, வாட்ஸ்அப்பிலா, எந்தத் தேதி வரை என்பதை எழுதி, அச்சாகப் போகும் வாசகத்தை அப்படியே கீழே ஒட்டிவிடுவேன்.

ஏ பிளஸ் வாங்கிய 15 பேரில் ஒரு மாணவி வேண்டாம் என்று சொன்னாள். அவளுடைய அப்பா கையெழுத்துப் போடத் தயாராகவே இருந்தார். “டீச்சர், ரோட்டுல என் போட்டோ வெக்கறது எனக்குப் பிடிக்கலைங்க” என்றாள். அவள் பெயரும் படமும் பலகையில் இல்லை. 15 என்ற எண்ணில் மட்டும் இருக்கிறாள். எண்ணிக்கைக்குப் பெயர் தேவையில்லை. அவள் மறுத்ததால் எங்களுக்கு எந்த இழப்பும் நேரவில்லை. படத்துக்குச் சம்மதித்தால் பிளஸ் ஒன் கட்டணத்தில் சலுகை என்று பேரம் பேசும் வழக்கம் இருக்கிறது. அப்படி எதுவும் கொடுத்திருந்தால் அதையும் படத்தின் கீழே எழுத வேண்டும். நாங்கள் கொடுப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் மதிப்பெண் பட்டியலையே படம் பிடித்துப் போடுவதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அதில் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருக்கும். அந்த இரண்டும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பிள்ளையின் முழு முடிவையும் இணையத்தில் எடுத்துப் பார்க்க முடியும். பிள்ளை இந்தியில் என்ன வாங்கினான் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி இல்லை.

கடைசியில் பலகையில் இருந்த கட்டம் இப்படி அமைந்தது:

“எஸ்.எஸ்.எல்.சி. கணக்கு. ஜூன் முதல் நவம்பர் வரை எங்களிடம் படித்த கேரளப் பாடத்திட்ட மாணவர்கள் 38. ஏ பிளஸ் (90 முதல் 100) 15. ஏ (80 முதல் 89) 10. அதற்குக் கீழ் 13. ஒன்பதாம் வகுப்பில் சி பிளஸ் அல்லது கீழே இருந்து சேர்ந்த 12 பேரில், பி அல்லது மேல் 8. நாங்கள் கணக்கு மட்டுமே கற்பிக்கிறோம். பதிவேட்டை நேரில் பார்க்கலாம்.”

கேரளத்தில் பி.வி.சி. பிளக்ஸுக்கு 2019 முதல் தடை இருப்பதால் துணியில் அச்சிட்டு, சென்டரின் சுவரிலேயே மாட்டினோம். படங்கள் கட்டத்துக்குக் கீழே சிறிதாக இருந்தன. எந்தத் தேர்வின் முடிவு என்பதை மாதமும் ஆண்டும் சேர்த்து மேலேயே எழுதினோம். பழைய ஆண்டின் நல்ல முடிவை ஆண்டு போடாமல் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொங்கவிடுவது எங்கள் சாலையில் சகஜம்.

பதிவேட்டைப் பார்க்கலாம் என்று எழுதியது வெறும் அலங்காரம் இல்லை. பெயர்களை மறைத்து, சேர்ந்த தேதி, ஒன்பதாம் வகுப்புக் கிரேடு, விலகிய தேதி, பத்தாம் வகுப்புக் கணக்குக் கிரேடு என்ற நான்கு பத்திகள் மட்டும் உள்ள ஒரு பிரதியை மேசையில் வைத்திருந்தேன். சேர்க்கைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதைத் திறக்கவில்லை. திறந்து பார்த்த ஒரு தாய் அரை மணி நேரம் உட்கார்ந்து, விரலை ஓட்டி, ஒன்பதில் சி வாங்கியவர்களை மட்டும் தேடிப் படித்தார். பிறகு, “அந்த நாலு பேருக்கு ஏனுங்க டீச்சர் ஏறல?” என்று கேட்டார். இருவருக்கு ஏழாம் வகுப்புப் பின்னங்களே வராமல் இருந்ததையும், அதைச் சரிசெய்ய எங்கள் மாலை வகுப்பின் ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்பதையும், ஒருவர் பாதி நாள் வரவில்லை என்பதையும் சொன்னேன். நான்காவது பிள்ளை ஏன் ஏறவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை என்றும் சொன்னேன். அவர் தன் மகனுக்குப் பின்னம் வருமா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அன்று மாலையே அவனுக்கு ஏழாம் வகுப்புக் கணக்குகள் பத்தைக் கொடுத்துப் பார்த்தோம். மூன்றுதான் சரியாக வந்தன. வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக வந்தால்தான் பயன் இருக்கும், வழக்கமான வகுப்பு மட்டும் என்றால் சேர்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புவதாகச் சொல்லிச் சேர்த்தார்.

இந்த ஆண்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்திலும் அதே விதியை ஜூன் முதல் வாரத்திலேயே எழுதி, தேதி போட்டு, சேர்ந்த பெற்றோரில் இருவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். இம்முறை ஏ பிளஸ் எண்ணிக்கை குறையும் என்றே வகுப்பைப் பார்க்கும்போது தோன்றுகிறது. எது வந்தாலும் மே மாதம் அதே கட்டத்தில், அதே அளவு எழுத்தில் அச்சாகும் என்று தம்பியிடம் இப்போதே சொல்லி, போன முறை வடிவமைத்த கோப்பை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.